மயக்கம் என்ற ஒரு சொல் போதாது



நம் வீட்டுப் பெரியவர்கள் மருத்துவர் முன் அமர்ந்ததும் சொல்லும் சொற்களில் 'மயக்கம்' முதன்மையானது. என் தாயாருக்கும் அதுவே வழக்கம். வயது அறுபத்து மூன்று. சர்க்கரை நோய் வந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டுக்கு முந்தைய ரமளானில், பின்னேரங்களில் அவருக்கு ஏதோ ஒன்று வந்து போயிற்று. பெருநாள் கழிந்து மருத்துவரிடம் போனபோது, "நோன்புல மயக்கமா இருந்துச்சு" என்றார். மருத்துவர் கேட்ட அடுத்த கேள்விகளுக்கு அவரிடம் விடை இல்லை. 'மயக்கம்' என்பதற்கு அப்பால் செல்லும் சொற்கள் அவரிடம் இல்லாததே காரணம்.

தமிழில் மயக்கம் என்ற ஒரே சொல் குறைந்தது நான்கு நிலைகளைத் தாங்கி நிற்கிறது. அறை சுற்றுவது போலத் தோன்றுவது ஒன்று. அது தலைசுற்றல், பெரும்பாலும் உட்காது சார்ந்தது. படுக்கையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வருவது மற்றொன்று. எழும்போது ரத்த அழுத்தம் இறங்குவதால் வருவது. நினைவே தப்பிக் கீழே விழுவது மூன்றாவது. கை நடுங்கி, உடல் குளிர்ந்து வியர்த்து, நெஞ்சு படபடத்து, தாங்க முடியாத பசியோடு வரும் தளர்ச்சி நான்காவது. இது ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளம். நான்கிற்கும் மருத்துவம் வேறு. நான்கையும் ஒரே சொல்லால் சொன்னால், மருத்துவர் ஊகிக்க வேண்டியவராகிறார்.

இந்த ஒரு சொல்லைப் பிரித்துப் பேசக் கற்றுக்கொள்வதே அம்மாவுக்கும் எனக்கும் அடுத்த ரமளானுக்கான தயாரிப்பாக இருந்தது. அவர் நோன்பு பிடிக்கலாமா, பிடித்தால் எந்த நிபந்தனையில் என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு அம்மா சொல்லும் விடைகளைப் பொறுத்தது. நோயாளிக்கு அல்குர்ஆன் அளித்திருக்கும் சலுகையை, சூரத்துல் பகராவின் 184, 185 ஆம் வசனங்களை, நாம் அறிவோம். ஆனால் "எனக்கு எவ்வளவு நோய்?" என்ற கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்தால்தான் அச்சலுகை தமக்குரியதா என்பது ஒருவருக்குத் தெளிவாகும்.

உலக நீரிழிவுக் கூட்டமைப்பும் 'நீரிழிவும் ரமளானும்' என்ற பன்னாட்டு அமைப்பும் இணைந்து 2016 இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டு, 2021 இல் அதைப் புதுப்பித்தன. ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. நம் கணக்கில் அது ரஜப் மாதத்தின் முற்பாதி. நாங்களும் ரஜப் பிறந்ததும் தொடங்கினோம். மருத்துவரைச் சந்திக்க மூன்று வாரங்கள் இருந்தன.

முதலில் என் மனத்தில் தோன்றிய வழி, ஒரு தாளில் இரண்டு பத்திகள் எழுதி, இடப்பக்கம் சர்க்கரை தாழ்ந்தால் வரும் அடையாளங்களையும் வலப்பக்கம் ஏறினால் வருபவற்றையும் அடுக்கி அம்மாவிடம் கொடுப்பது. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் சொற்கற்றலை ஆய்ந்தவர்கள் இதற்கு எதிராகவே சொல்கிறார்கள். தாமஸ் டிங்க்ஹாம் 1993 இலும் 1997 இலும் வெளியிட்ட ஆய்வுகளில், ஒரே இனத்தைச் சேர்ந்த சொற்களைச் சேர்த்துக் கற்றவர்கள் மெதுவாகவே கற்றார்கள். ராபர்ட் வாரிங் 1997 இல் ஜப்பானில் செய்த ஆய்வும் இதை உறுதி செய்தது. ஒன்றுக்கொன்று நெருக்கமான சொற்கள் நினைவில் மோதிக்கொள்கின்றன; எது எதற்கென்பது குழம்புகிறது. மாறாக, ஒரே நிகழ்ச்சியில் சேர்ந்து வரும் சொற்கள் ஒன்றை ஒன்று இழுத்து வருகின்றன. தவளை, குளம், நீச்சல், பச்சை என்பன போல. அந்த ஆய்வுகள் புனைந்த சொற்களைக் கொண்டு நடத்தப்பட்டவை. நோயாளிகளைக் கொண்டு அல்ல. எனினும், தாழ்வும் ஏற்றமும் மாறிப்போனால் ஆபத்து என்னும் இடத்தில் அந்த எச்சரிக்கையை ஏற்பதே அறிவுடைமை என்று எண்ணினேன்.

ஆகவே இரண்டு பத்தித் தாளை விட்டுவிட்டு, முதல் வாரம் முழுவதும் சர்க்கரை தாழ்வதை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதையும் பட்டியலாக அல்ல, ஒரு பின்னேரத்தின் கதையாக. அஸர் தொழுதாயிற்று. நோன்பு திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம். அடுக்களையில் கஞ்சி கொதிக்கிறது. திடீரென்று கை நடுங்குகிறது, நெற்றியிலும் பிடரியிலும் குளிர்ந்த வியர்வை, நெஞ்சு படபடக்கிறது, காரணமில்லாமல் பேரன் மீது எரிச்சல் வருகிறது, பேச்சு குழறுகிறது. இந்தக் கதைக்கு ஒரு பெயர்: 'லோ சுகர்'. மருத்துவர்கள் 'ஹைப்போ' என்பார்கள். சர்க்கரை ஏறினால் அவர்கள் சொல்லும் 'ஹைப்பர்' அதோடு ஓசையில் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பாருங்கள்! அந்த இரண்டு சொற்களையும் அம்மாவுக்குச் சொல்லவே இல்லை. லோ, ஹை என்பவை போதும். காதுக்கும் வேறு வேறு.

அம்மா இந்தக் கதையைக் கேட்டதும், "இதுதாம்மா எனக்குப் போன வருஷம் வந்தது. வேர்த்துக் கொட்டிச்சு, புழுக்கம்னு நெனச்சேன்" என்றார். ஓர் ஆண்டாகச் சொல்லப்படாமல் இருந்த செய்தி, சரியான சொற்கள் கிடைத்ததும் வெளியே வந்தது.

இரண்டாம் வாரத்தில், முதல் கதை அவர் நாவில் படிந்த பிறகு, ஏற்றத்தின் கதையைத் தொடங்கினோம். அது ஒரு இரவின் கதை. இஃப்தாரில் சமோசாவும் இனிப்பும் அளவு மீறின. தாகம் தீரவில்லை, நாக்கு வறள்கிறது, இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறது, காலையில் பார்வை மங்கலாக இருக்கிறது, உடம்பு அசந்து கிடக்கிறது. தாழ்வு சில நிமிடங்களில் திடீரென வருவது, ஏற்றம் மணிக்கணக்கில் மெல்ல வருவது என்ற வேறுபாடும் இரு கதைகளின் நடையிலேயே அடங்கிவிட்டது.

அடுத்து, ஓசையால் ஏமாற்றும் சொற்கள். இவற்றில் இரண்டு நம்மவர்களுக்கே உரியவை.

முதலாவது 'பாஸ்டிங்'. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் "பாஸ்டிங்ல வாங்க" என்றால் எட்டு மணி நேரமாவது எதுவும் உண்ணாமல் வரச் சொல்கிறார்கள், தண்ணீர் குடிக்கலாம். நம் நோன்பில் தண்ணீரும் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல். "பாஸ்டிங் எவ்வளவு?" என்று மருத்துவர் கேட்டால் அவர் கேட்பது சோதனை முடிவின் எண்ணை. "முப்பதும் பிடிப்பேன் டாக்டர்" என்பது அதற்கு விடை ஆகாது! மறுபுறம், நம் நோன்பு எப்படிப்பட்டது என்பது எல்லா மருத்துவர்களுக்கும் தெரியும் என்று கொள்ளலாகாது. எனவே மூன்று உண்மைகளைச் சொல்லப் பழகினோம்: அதிகாலை ஐந்தேகால் மணி அளவில் உணவை நிறுத்துகிறோம், மாலை ஆறேகால் மணி அளவில் திறக்கிறோம், இடையில் ஏறத்தாழப் பதின்மூன்று மணி நேரம் தண்ணீரும் மாத்திரையும் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் ரமளான் வரும்போது சென்னைப் பகுதிக்கு இந்தக் கணக்கு பொருந்தும். அஸர், மஃரிப் என்று நேரம் சொல்வது நமக்கு இயல்பு. மருத்துவரிடம் கடிகார மணியாக மாற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது 'பி.பி.'. ரத்த அழுத்தத்தையும் பி.பி. என்கிறோம். உணவு உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரைச் சோதனையையும் பி.பி. என்கிறார்கள். ஆங்கிலத்தில் முதல் எழுத்துகள் வேறு. தமிழில் எழுதினாலும் பேசினாலும் இரண்டும் ஒன்றே. "பி.பி. நூத்தி அறுபது" என்றால் அது அழுத்தமா, சர்க்கரையா? அம்மாவுக்கு நாங்கள் வகுத்த வழி எளியது: 'பிரஷர்' என்று ஒன்றையும், 'சாப்பிட்ட பின் சுகர்' என்று மற்றொன்றையும் சொல்வது. யாராவது பி.பி. என்றால், "பிரஷரா, சாப்பிட்ட பின் சுகரா?" என்று திருப்பிக் கேட்பது.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல், தமிழகத்தில் வீடு தேடி வந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து தருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசவும் இந்த வேறுபாடு உதவும்.

சொற்கள் வந்த பின் வாக்கியம் வேண்டும். அம்மாவின் வாக்கியத்துக்கு நான்கு அறைகள் வைத்தோம்: எப்போது, என்ன, எவ்வளவு, என்ன செய்தேன். "நேத்து சாயங்காலம் நாலரை மணிக்கு, கை நடுங்கி வேர்த்துச்சு, மிஷின்ல பார்த்தேன், 68, சர்க்கரைத் தண்ணி குடிச்சேன், கால் மணி நேரத்துல தெளிஞ்சுது." இந்த ஒரு வாக்கியம், "மயக்கமா இருந்துச்சு" என்பதைவிட மருத்துவருக்குப் பத்து மடங்கு பயன் தரும். மூன்றாம் அறைக்கு எண் வேண்டும். அதற்குக் குளுக்கோமீட்டர் வேண்டும். விரலில் குத்திச் சோதிப்பது நோன்பை முறிக்காது என்பதை அந்த வழிகாட்டி நூலும் வலியுறுத்துகிறது. ஐயமுள்ளோர் தம் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம். அம்மா மனத்தில் பதித்துக்கொண்ட எண்கள் இரண்டே: 70, 300. சர்க்கரை 70 க்குக் கீழே போனாலும் 300 க்கு மேலே போனாலும் நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது வழிகாட்டி நூலின் வரம்பு. எண் எதுவாயினும் தாழ்வின் அடையாளங்கள் தோன்றினாலும் முறிக்க வேண்டும்.

கருவியில் சில வேளைகளில் எண்ணுக்குப் பதிலாக `LO` அல்லது `HI` என்று தோன்றும். கருவி பழுதாகிவிட்டது என்று வைத்துவிடக் கூடாது. அளக்க முடியாத அளவு தாழ்ந்துவிட்டது அல்லது ஏறிவிட்டது என்று பொருள். உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். ஆங்கிலம் படிக்காத அம்மா இந்த இரண்டு எழுத்துருவங்களையும் படமாகவே நினைவில் வைத்துக்கொண்டார்.

பயிற்சி எங்கள் வீட்டில் நாடகமாக நடந்தது. நான் மருத்துவர், அம்மா நோயாளி. முதல் நாள் சொன்னதை மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் கேட்டேன். தாளைப் பார்த்துப் படிக்கச் சொல்லவில்லை. நினைவிலிருந்து எடுத்துச் சொல்லச் சொன்னேன். தேடி எடுக்கும் முயற்சியில்தான் சொல் நிலைக்கிறது. பிறகு வேடம் மாறியது: அம்மா மருத்துவர், என் மகன் நோயாளி. அவன் வேண்டுமென்றே, "மயக்கமா இருக்கு நன்னி" என்பான். "எப்படி மயக்கம்? சுத்துதா, இருட்டுதா, வேர்க்குதா?" என்று அம்மா குறுக்கு விசாரணை செய்வார். கேள்வியைத் தாமே கேட்டுப் பழகியவருக்கு, அதே கேள்வி எதிரிலிருந்து வரும்போது அச்சம் இல்லை.

மருத்துவரைக் காணும் நாளில் வேப்பம்பட்டிலிருந்து ஆவடிக்கு ரயிலேறினோம். திருநின்றவூர், நெமிலிச்சேரி, பட்டாபிராம், இந்துக் கல்லூரி, ஆவடி என்று ஐந்து நிலையங்கள். நிலையத்துக்கு ஒன்றாக ஐந்து கேள்விகள் கேட்டேன். நெமிலிச்சேரியில் ஒன்று தடுமாறியது. இந்துக் கல்லூரியில் மறுபடி கேட்டபோது வந்துவிட்டது.

மருத்துவ அம்மையாரிடம் நான் பேசவில்லை. அம்மாவே பேசினார். சென்ற முறை வந்தது வியர்வையும் நடுக்கமும்தான், தலைசுற்றல் அல்ல என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டதற்கு, "அஸருக்கு அப்புறம், நாலரை அஞ்சு மணிக்கு" என்றார். மருத்துவர் மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தார். அம்மா உண்ணும் மாத்திரைகளுள் ஒன்று கிளிமிபிரைடு. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. உணவு இல்லாத நேரத்திலும் வேலை செய்வதால் சர்க்கரையைத் தாழ்த்தக்கூடியது. மற்றொன்றான மெட்ஃபார்மின் தனியாக அவ்வாறு தாழ்த்துவது அரிது. முந்தைய ரமளானில் காலை மாத்திரையை அம்மா சஹரில் உண்டிருந்தார். பின்னேரத் தாழ்வுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

இங்கேதான் அம்மா பயின்ற கடைசி வாக்கியம் உதவியது. சீட்டில் 1-0-1 என்று எழுதியிருக்கும்; காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. ரமளானில் காலை எது? "காலை மாத்திரையை சஹர்ல போடணுமா, நோன்பு திறக்கும்போது போடணுமா டாக்டர்? அளவு அதேதானா?" என்று அம்மா கேட்டார். மருத்துவர் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதினார். அந்த மாற்றம் அம்மாவின் சிறுநீரகச் சோதனையும் மூன்று மாதச் சராசரி சர்க்கரையும் பார்த்துச் செய்தது. இன்னொருவருக்கு அது பொருந்தாது என்பதால் இங்கே எழுதவில்லை. கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுவதற்கு முன் அம்மா, "நான் புரிஞ்சுக்கிட்டத சொல்றேன், சரியா பாருங்க" என்று எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். இவ்வாறு நோயாளியைத் திருப்பிச் சொல்ல வைப்பது மருத்துவ உலகில் பரிந்துரைக்கப்படும் முறையே. மருத்துவருக்கு நேரம் இல்லாதபோது நாமே அதைத் தொடங்கலாம். அம்மா சஹர் மாத்திரையில் ஒன்றை விட்டுச் சொன்னார். மருத்துவர் அப்போதே திருத்தினார்.

சொற்களுக்கு எல்லை உண்டு. நெடுநாள் சர்க்கரை நோயாளிகள் சிலருக்குத் தாழ்வின் முன்னடையாளங்கள் மங்கிவிடுகின்றன; கை நடுங்காமலே எண் 60 க்கு இறங்கியிருக்கும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் எஞ்சும். ஆகையால் உடம்பு சொல்வதை மட்டும் நம்பாமல், மருத்துவர் குறித்த நேரங்களில் சோதிக்கவே வேண்டும். அம்மாவுக்கு நண்பகலும் பின்னேரமும் நோன்பு திறப்பதற்கு முன்னும் குறிக்கப்பட்டன. பேச்சுக் குழறினால் அம்மாவால் எதையும் சொல்ல இயலாது என்பதால், அந்தக் கதையை வீட்டில் எல்லோரும் கற்றோம். பத்து வயதுப் பேரனும்தான். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108 ஐ அழைக்க வேண்டும் என்பதும் அவன் பாடத்தில் இருந்தது.

அந்த ரமளானில் அம்மா இருபத்தெட்டு நோன்புகள் பிடித்தார். பதினான்காம் நாள் மாலை ஐந்து மணிக்கு அடுக்களையிலிருந்து, "லோ சுகர் மாதிரி இருக்கு, மிஷின எடுத்துட்டு வா" என்று குரல் வந்தது. எண் 64. நோன்பு திறக்க ஒன்றேகால் மணி நேரமே இருந்தது. முன்பாக இருந்தால், "இன்னும் கொஞ்ச நேரம்தானே" என்று பொறுத்திருப்பார். அன்று பொறுக்கவில்லை. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். அது ஏறத்தாழ 15 கிராம். பதினைந்து நிமிடம் கழித்துச் சோதித்தோம்; 92. அதன் பிறகு கொஞ்சம் கஞ்சி குடித்தார். மறுநாளே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து நான்கு அறை வாக்கியத்தைச் சொன்னார். மறுநாள் நோன்பை விடச் சொல்லி, மாத்திரை அளவை மருத்துவர் இன்னும் குறைத்தார். விடுபட்ட இரண்டையும் ஷவ்வாலில், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, களாவாகப் பிடித்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ்.

ரஜப் மாதம் பிறக்கும்போது உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "மயக்கம்னா எப்படி? சுத்துதா, இருட்டுதா, வேர்க்குதா?" அவர் சொல்லும் விடையிலிருந்து உங்கள் முதல் வாரப் பாடத்தைத் தொடங்கலாம். மற்றக் கதை அடுத்த வாரம் வரட்டும். இரண்டையும் ஒரே நாளில் சொல்ல வேண்டாம்.

வஸ்ஸலாம்.